உஷார்! கேட்டரிங் மாமாவிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை காலை ஆறே கால் மணி. கைபேசி அடிக்கிறது. “சார், ஓக்லா மண்டியில நிக்கறேன். முருங்கைக்காய் பிஞ்சா நன்னா இருக்கு. நாளைக்குப் பதினஞ்சு கிலோ போதுமா, இருபதா எடுத்துடட்டுமா?”

பேசியவர் இருபது வருஷமாக தெற்கு தில்லியில் இலை போட்டுக்கொண்டிருக்கும் கேட்டரிங் மாமா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆர்.கே.புரம் குடியிருப்புத் தமிழர்களின் ஆண்டு விழா, முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு. எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சாப்பாட்டைச் செய்யப் போவது இந்த மாமா இல்லை. பத்து நாளைக்கு முன்பே கமிட்டி வேறொருவரை முடிவு செய்துவிட்டது. அதை இவரிடம் நாசூக்காகச் சொல்லியாயிற்று என்றுதான் செயலாளரான நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நாசூக்காகச் சொன்னேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

விழா சீசன் வருகிறது. ஆர்.கே.புரத்தில் ஒவ்வொரு செக்டாரிலும் யாராவது ஒரு செயலாளர் கேட்டரிங், ஷாமியானா, மைக் செட் என்று மூன்று நான்கு பேரிடம் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருப்பார். ஒருவருக்கு வேலை போகும், மற்றவர்களிடம் இல்லை என்று சொல்லியாக வேண்டும். அடுத்த தடவை அவர்களும் வேண்டும் என்பதால் முகம் கோணாமல் சொல்லப் பார்ப்போம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கதவைத் திறந்து வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேலையையே கொடுத்துவிடுகிறோம்.

ஏழு மெசேஜில் முடிந்த ஒப்பந்தம்

அன்று காலை பல்கூடத் துலக்காமல் எங்கள் வாட்ஸாப் உரையாடலை மேலே தள்ளிப் படித்தேன். நடந்தது இதுதான்.

முதலில் அவர் கொட்டேஷன் அனுப்பினார். இலைக்கு 420 ரூபாய், முந்நூறு இலை, இரண்டு பாயசம், பரிமாற ஆள் உட்பட. நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டேன். ‘வந்து சேர்ந்தது’ என்பது என் பொருள்.

மறுநாள் கேட்டார்: “தேதியைக் குறிச்சு வெச்சுக்கட்டுமா?” நான் எழுதியது: “ஓகே மாமா, கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன். எப்படியும் உங்களை விடமாட்டோம்.” பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பதுதான் என் கணக்கில் முக்கியமான பகுதி. அவர் கணக்கில் ‘ஓகே’.

கமிட்டி கூடியது. நாங்கள் பிடித்திருந்த ஹாலில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை, வெளியே சமைத்துச் சூடாகக் கொண்டுவந்து இறக்க வேண்டும். மாமாவோ இடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பவர். சுடச்சுட இலையில் விழ வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். அதனால் சொந்தச் சமையல்கூடமும் வண்டியும் வைத்திருக்கும் இன்னொருவருக்கு வேலை போயிற்று. இதை எழுத எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுதியது: “மாமா, பட்ஜெட் கொஞ்சம் இடிக்கறது. கமிட்டி வேற மாதிரி யோசிக்கறா. பார்க்கலாம். கண்டிப்பா சேர்ந்து பண்ணலாம்.”

அவர் பதில் இரண்டே நிமிஷத்தில் வந்தது. “சரி சார். உங்களுக்காக 380ஆ போட்டுக்கறேன்.” அவருடைய பெருந்தன்மைக்கு நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். அத்தோடு பேச்சு நின்றது.

இப்போது அதே ஏழு மெசேஜை மாமாவின் கண்ணாடி வழியே படியுங்கள். கொட்டேஷன் பிடித்திருக்கிறது. தேதி ஓகே. விலை மட்டும் இடிக்கிறது. விலையைக் குறைத்தாயிற்று. கைகூப்பி நன்றி சொல்லிவிட்டார்கள். இதில் எந்த இடத்தில் ‘இல்லை’ இருக்கிறது? அதே ஞாயிற்றுக்கிழமைக்கு முனிர்காவில் வந்த சீமந்தத்தை அவர் திருப்பிவிட்டிருந்தார். இரண்டு சமையல்காரர்களுக்கும் பரிமாறும் செட்டுக்கும் முன்பணம் கொடுத்திருந்தார். முருங்கைக்காய் வாங்கும் முன் போன் செய்தாரே, அது எங்கள் நல்ல நேரம்.

கட்டைவிரலுக்கு விலை உண்டு

‘இதெல்லாம் சும்மா வாட்ஸாப் பேச்சு, கையெழுத்தா போட்டோம்?’ என்று நினைப்பவர்கள் கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். சஸ்காச்சுவான் மாகாணத்தில் தானியம் வாங்கும் கம்பெனி ஒன்று, 2021 மார்ச்சில், சுமார் 86 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்குக் கைபேசியில் அனுப்பியது. உறுதி செய்யுங்கள் என்று கேட்டது. அவர் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். நவம்பரில் விதை போய்ச் சேரவில்லை, அதற்குள் சந்தை விலை ஏறிவிட்டது. ‘படம் வந்து சேர்ந்தது என்றுதான் கட்டைவிரல் காட்டினேன்’ என்றார் விவசாயி. 2023 ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த இருவருக்கும் இடையே முன்பு நடந்த வியாபாரங்களில் ‘ஓகே’, ‘சரி’ என்ற ஒற்றை வார்த்தைப் பதில்களே ஒப்பந்தமாக நடந்திருந்தன, இந்தக் கட்டைவிரலும் அப்படித்தான் என்றது. நஷ்டஈடு 82,000 கனடா டாலருக்கு மேல்.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. ட்ரைமெக்ஸ் என்ற துபாய் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையே 2007 அக்டோபரில் பாக்சைட் தாது விற்பது பற்றி மின்னஞ்சலில் பேச்சு நடந்தது. ஐந்து கப்பல் சரக்குக்கு உறுதி என்று வேதாந்தா தரப்பில் பதில் போயிற்று. அதை நம்பி ட்ரைமெக்ஸ் கப்பலை அமர்த்தியது. பிறகு வேதாந்தா பின்வாங்கியது, முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவே இல்லையே என்று வாதாடியது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் இதைத் தீர்த்தவர் ஈரோட்டுக்காரரான நீதிபதி பி.சதாசிவம். முக்கியமான விஷயங்களில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது கடிதப் போக்குவரத்திலேயே தெரிந்தால் ஒப்பந்தம் பிறந்துவிட்டது, பத்திரம் பின்னால் வருவதும் வராததும் அதை மாற்றாது என்பதே அவர் தீர்ப்பின் சாரம்.

அதற்காக எல்லா நல்ல வார்த்தையும் தூக்கில் போடும் என்று பயப்பட வேண்டாம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒப்புதல் முழுசாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ‘கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்பது தனியாக நின்றால் ஒப்புதல் ஆகாது. பிற்பாடு உங்களுக்கு வேலை தரும் எண்ணம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் கடிதம் பொதுவாக ஒப்பந்தம் ஆகாது என்று 2021இல் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வெறுமனே பதில் சொல்லாமல் இருப்பதும் சம்மதம் ஆகாது. ஆனால் நாம் பெரும்பாலும் வெறுமனே இருப்பதில்லை. ஒரு ஓகே, ஒரு கட்டைவிரல், ஒரு கைகூப்பு என்று போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

நிஜத்தில் எந்த கேட்டரிங் மாமாவும் முந்நூறு இலைக்காக பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்டுக்குப் போகமாட்டார். அவர் செய்வது வேறு. அடுத்த தடவை கூப்பிட்டால் ‘அன்னிக்கு வேற ஆர்டர் இருக்கே சார்’ என்பார். அவர் சொல்லி மற்ற மூன்று பேரும் அதையே சொல்வார்கள். தில்லியில் தமிழ்ச் சமையல் வட்டம் சின்னது. ஆர்.கே.புரத்தில் சொன்னது சாயங்காலத்துக்குள் கரோல் பாக் போய் மயூர் விஹாரில் இறங்கிவிடும்.

பொய்க் காரணம்தான் முதல் எதிரி

நான் செய்த தப்புகளில் பெரியது ‘ஓகே’ இல்லை. ‘பட்ஜெட் இடிக்கிறது’ என்பதுதான். அது உண்மையும் இல்லை. ஹாலில் அடுப்பு வைக்க முடியாது என்பதைச் சொன்னால் அவருடைய சமையல் முறையையே குறை சொன்ன மாதிரி ஆகுமோ என்று பயந்து, யாரையும் நோகடிக்காத காரணம் என்று பணத்தைப் பிடித்தேன்.

விலையைக் காரணம் சொன்னால் வியாபாரி என்ன செய்வார்? விலையைக் குறைப்பார். அது அவர் தொழில். நீங்கள் மறுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் பேரத்தைத் தொடங்கியிருப்பார். இதைவிட மோசம் ஒன்று உண்டு. ‘380 என்றால் எங்களுக்குச் சரி மாமா’ என்று நீங்களே தொகையைச் சொல்லிவிட்டால், சட்டக் கணக்கில் அவருடைய 420 செத்துப்போய், நீங்கள் புதிதாக ஒரு கோரிக்கை வைத்ததாக ஆகிறது. அவர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது கதை. வேண்டாம் என்று சொல்லப் போன இடத்தில் நீங்களே ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள்.

மறுப்புக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. சொன்னால் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு மட்டும் பொருந்தும் காரணமாக அது இருக்கும்போது அதுவே கதவையும் திறந்து வைத்துவிடும். ‘இந்த ஹாலில் அடுப்பு கூடாது’ என்றால், அடுப்பு வைக்கக்கூடிய இடத்தில் நடக்கும் அடுத்த விழாவுக்கு நீங்கள்தான் நினைவுக்கு வருவீர்கள் என்று அதிலேயே சொல்லியாகிறது. தனியாக ஒரு தேன் வார்த்தை தேவைப்படாது.

உண்மைக் காரணம் அவருடைய குறை என்றால் என்ன செய்வது? போன வருஷம் ரசம் ஆறிப்போயிருந்தது, பரிமாறும் ஆள் போதவில்லை என்று இருக்கலாம். அதை மறுக்கும் மெசேஜில் எழுத வேண்டாம். எழுத்தில் வரும் குறை தழும்பாகும். ‘வேறொருவரை முடிவு செய்துவிட்டோம்’ என்பதோடு நிறுத்துங்கள். அவராகக் கேட்டால் போனில் ஒரு விஷயத்தை மட்டும், சரிசெய்யக்கூடிய விஷயமாக, சொல்லுங்கள். ஜெயித்தவரின் பெயரும் அவர் போட்ட விலையும் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வாயில் வரக்கூடாது. இன்று இவரிடம் அவர் விலையைச் சொன்னால், நாளை இவர் விலையை அவரிடம் சொல்வீர்கள் என்று கேட்பவருக்கே தெரியும். அதன் பிறகு உங்களுக்கு வரும் கொட்டேஷன் எதுவும் நிஜ விலையாக இருக்காது.

போன் முதலில், எழுத்து பிறகு

என்னைப் போல் தெரிந்த மனுஷரிடம் வெறும் மெசேஜில் மறுப்பது மரியாதை இல்லை. வெறும் போனில் மறுப்பது பத்திரம் இல்லை. இரண்டும் வேண்டும், போன் முதலில்.

போனில் குசலம் விசாரித்துப் பத்து நிமிஷம் சுற்றாதீர்கள். வணக்கம் சொன்ன அடுத்த வாக்கியம் முடிவாக இருக்கட்டும்: “மாமா, இந்த விழா வேலையை வேறொருவருக்குக் கொடுத்துட்டோம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” ‘கொடுத்துட்டோம்’ என்ற முடிந்த வினை முக்கியம். ‘கொடுக்கலாம்னு இருக்கோம்’ என்றால் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். பேசி முடித்த பத்து நிமிஷத்துக்குள் எழுத்து போக வேண்டும். நான் அன்று அனுப்பியிருக்க வேண்டியது இது:

“மாமா, வணக்கம். எங்கள் ஆண்டு விழா மதியச் சாப்பாட்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை ஏற்கவில்லை. அந்தத் தேதியை எங்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம், வேறு வேலை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் அடுப்பு வைக்க அனுமதி இல்லாததால் வெளியே சமைத்துக் கொண்டுவருபவர் தேவைப்பட்டார். மார்ச்சில் புல்வெளியில் ஒரு விழா நடத்த எண்ணம் இருக்கிறது. அது உறுதியானால் ஜனவரி கடைசியில் கொட்டேஷன் கேட்போம், உங்களிடமும் கேட்போம். இரண்டு நாளில் கணக்குப் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி.”

இதில் தேதி பற்றிய வாக்கியத்தைப் பாருங்கள். தேதியை விட்டுவிடுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் கேட்டரிங்காரருக்கு நீங்கள் செய்யும் நிஜ மரியாதை. அவர் விற்பது சாம்பார் மட்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும்தான். முகூர்த்த நாள் ஒன்று வீணானால் திரும்பி வராது.

அடுத்தது திறந்த கதவு. ‘கண்டிப்பா அடுத்த தடவை உங்களுக்குத்தான்’ என்று எழுதாதீர்கள். அடுத்த வருஷம் நீங்கள் செயலாளராக இருப்பீர்களா என்பதே நிச்சயம் இல்லை. அரசுக் குடியிருப்பில் பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கொடுங்கள். எந்த வேலைக்கு, எப்போது கொட்டேஷன் கேட்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வாக்கு, கேட்பீர்கள் என்பது மட்டும்தான், கொடுப்பீர்கள் என்பது இல்லை. கொடுத்த வாக்கைக் கமிட்டி நோட்டில் குறித்து வையுங்கள். ஜனவரியில் அழைப்பு போகாவிட்டால் அந்த மெசேஜ் முழுவதும் உபசாரப் பொய் என்று ஆகிவிடும்.

இரண்டாம் இடத்தில் வந்தவர் விஷயம் கொஞ்சம் வேறு. முதலாமவர் கடைசி நேரத்தில் கைவிட்டால் இவர்தான் கை கொடுக்க வேண்டும் என்று நாம் மனசுக்குள் கணக்குப் போட்டு, அவரிடம் ‘பார்க்கலாம்’ என்று இழுத்தடிப்போம். அதையும் திறந்தே சொல்லுங்கள்: ‘நீங்கள் இரண்டாவது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் உறுதியாகச் சொல்வேன். அதுவரை எங்களுக்காக எதையும் வாங்க வேண்டாம், வேறு வேலை வந்தால் விடவும் வேண்டாம்.’ ஆறு மணிக்குச் சொல்லுங்கள். ஆறரைக்கு இல்லை.

மெசேஜ் போன பிறகும் உஷார்

மறுத்த பிறகு அவர் பதில் போடுவார். பத்தில் எட்டு பேர் குறைத்த விலையோடு வருவார்கள். இங்கே கைகூப்பும் படம், கட்டைவிரல், ‘தேங்க்ஸ் மாமா’ எதுவும் வேண்டாம். ‘குறைத்துக் கொடுக்க முன்வந்ததற்கு நன்றி. முடிவில் மாற்றம் இல்லை’ என்று இரண்டு வாக்கியம் போதும். கடைசி மெசேஜ் உங்களுடைய ‘இல்லை’யாக இருக்கட்டும்.

இன்னொன்று, சாம்பிள். ருசி பார்க்க அனுப்பிய பாத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால் அன்றே கழுவித் திருப்பிக் கொடுங்கள். மறுத்த பிறகு ‘பாயசம் மட்டும் ஒரு டப்பா அனுப்புங்கோ மாமா, பாட்டிக்குப் பிடிச்சுது’ என்று கேட்காதீர்கள். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நாம் அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், பாயசம் கேட்டால் வேலை இன்னும் உயிரோடு இருப்பதாகத்தான் அவர் நினைப்பார்.

ஆர்.கே.புரத்தில் வீட்டுக்கு ஒருவர் மத்திய சர்க்கார் ஊழியர் என்பதால் ஒரு எச்சரிக்கை. இந்த மெசேஜ் எல்லாம் சங்கத்துக்கும் குடியிருப்புக்கும்தான். ஆபீஸ் டெண்டருக்கு இல்லை. அங்கே 2017ஆம் வருஷப் பொது நிதி விதிகள் இருக்கின்றன. தோற்றவர்களின் முன்வைப்புத் தொகையை ஒப்பந்தம் கொடுத்த 30 நாளுக்குள் திருப்பிவிட வேண்டும் என்று அவற்றில் இருக்கிறது. ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று தனிப்பட்ட முறையில் ஒரு வார்த்தை சொன்னாலும் அது விஜிலென்ஸ் கோப்பில் போய் உட்காரும். அங்கே மரியாதை என்பது தொகையைக் காலத்தில் திருப்புவதுதான்.

அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். எழுதிய மெசேஜைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இதைப் படித்துவிட்டு இவர் நாளைக் காலை ஓக்லா மண்டிக்குப் போவாரா? போவார் என்று துளி சந்தேகம் வந்தாலும் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனோம். சமையல்காரர்களுக்கும் பரிமாறும் செட்டுக்கும் அவர் கொடுத்த முன்பணம் 12,000 ரூபாயைக் கமிட்டி கையிலிருந்து கொடுத்தது. சீமந்தம் போனதற்கு யாராலும் எதுவும் கொடுக்க முடியவில்லை. அவர் காபி கொடுத்தார், பேசவில்லை.

மார்ச்சில் புல்வெளி விழாவுக்கு மற்றவர்களோடு அவரிடமும் கொட்டேஷன் கேட்டேன். இரண்டு நாளில் வந்தது, இலைக்கு 430. அடியில் முன்பு இல்லாத ஒரு வரி இருந்தது: ‘எழுத்தில் ஆர்டரும் முன்பணமும் வரும்வரை தேதி நிறுத்தப்பட மாட்டாது, சாமான் வாங்கப்பட மாட்டாது.’ கட்டைவிரலுக்குப் போன விரலை மடக்கிக்கொண்டு, ‘கொட்டேஷன் கிடைத்தது. இது ஆர்டர் இல்லை. பத்தாம் தேதிக்குள் முடிவு சொல்கிறேன்’ என்று எழுதினேன்.

மாமாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.